இரண்டு ‘பேக்கப்’புக்கு நடுவே

தமிழ் சினிமா படப்பிடிப்புத் தளத்தில் ‘பேக்கப்’ என்ற சொல் இரண்டு வேலைகளைக் குறிக்கும். அன்றைய ஷூட்டிங் முடிந்தது, மூட்டை கட்டலாம் என்று அசோசியேட் டைரக்டர் குரல் கொடுப்பது ஒரு பேக்கப். கேமராவில் ஓடிய கார்டில் இருப்பதை ஹார்டு டிஸ்க்குகளில் பிரதி எடுத்து வைப்பது இன்னொரு பேக்கப். முதல் பேக்கப் காதில் விழுந்ததும் லைட்டுகள் இறங்கும், ஜெனரேட்டர் நிற்கும், யூனிட் வேன் ஹாரன் அடிக்கும். இரண்டாவது பேக்கப் அந்த நேரத்தில் பெரும்பாலும் பாதியில்தான் இருக்கும்.

ஒளிப்பதிவு உதவியாளராக இருந்து, பிறகு டேட்டா வேலைக்கு வந்தவன் நான். காட்சிகள் தொலைந்தன என்று கேள்விப்படும்போது பலரும் டிஸ்க் கெட்டுப்போயிருக்கும், வைரஸ் வந்திருக்கும் என்றுதான் நினைக்கிறார்கள். அதுவும் நடக்கும். ஆனால் நான் நேரில் பார்த்த இழப்புகளில் பெரும்பாலானவற்றில் எந்தக் கருவியும் பழுதாகவில்லை. வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, களைத்துப்போன ஒருவர் ஒரு பட்டனைத் தவறாக அழுத்தினார். அவ்வளவுதான். அப்படி ஒரு நாளை இங்கே விரிவாகச் சொல்கிறேன். பிரதி எடுக்கும் முறையும் கோப்புக்குப் பெயர் வைக்கும் முறையும் ஏன் இப்படி அமைந்திருக்கின்றன என்பது அந்த நாளிலிருந்தே விளங்கிவிடும்.

தாமிரபரணிக் கரையில் ஒரு சிறிய படம். படப்பிடிப்பின் நான்காம் நாள். ஒரே மாடலில் இரண்டு சோனி எஃப்எக்ஸ்3 கேமராக்கள். விடியற்காலை வெளிச்சத்தில் படித்துறையில் ஒரு பாட்டி தன் பேத்தியிடம் பேசும் காட்சி. ‘ஏ’ கேமரா பாட்டியின் முகத்தில் க்ளோஸ். ‘பி’ கேமரா ஆறும் படிகளும் தெரியும் வைட். மாலை பேக்கப் சொன்னபோது இரண்டு கேமராவிலிருந்தும் ஆளுக்கொரு கார்டு வந்தது. ஒவ்வொன்றிலும் 23 க்ளிப்புகள்.

இந்தக் கேமரா தன் க்ளிப்புகளுக்கு C0001.MP4, C0002.MP4 என்று வரிசையாகத் தானே பெயர் வைத்துக்கொள்ளும். அன்று ‘ஏ’ கேமராவின் கார்டில் C0112 முதல் C0134 வரை இருந்தன. ‘பி’ கேமராவில் C0098 முதல் C0120 வரை. டேட்டா பொறுப்பில் இருந்த தம்பி லேப்டாப்பில் ‘Day 4’ என்று ஒரு ஃபோல்டர் போட்டு, ‘ஏ’ கார்டின் க்ளிப்புகளை அதில் இழுத்துவிட்டார். முடிந்ததும் ‘பி’ கார்டின் க்ளிப்புகளையும் அதே ஃபோல்டரில் இழுத்துவிட்டார். இதே பெயரில் கோப்புகள் ஏற்கெனவே இருக்கின்றன, மாற்றவா, விடவா என்று திரை கேட்டது. ஏற்கெனவே இழுத்ததையே மறுபடி இழுத்துவிட்டோம் போலிருக்கிறது என்று நினைத்து, ‘மாற்று’ என்பதை அழுத்தினார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு கார்டிலும் பொதுவாக இருந்த பெயர்கள் C0112 முதல் C0120 வரை, மொத்தம் ஒன்பது. அந்த ஒன்பது இடங்களிலும் ‘ஏ’ கேமராவின் க்ளிப் அழிந்து, ‘பி’ கேமராவின் க்ளிப் உட்கார்ந்துகொண்டது. ஃபோல்டரில் 46 க்ளிப்புகள் இருந்திருக்க வேண்டும், 37தான் இருந்தன. யாரும் எண்ணவில்லை. திறந்து பார்த்தவர்களுக்கும் எல்லாம் சரியாகவே தெரிந்தது, ஏனென்றால் இரண்டு கேமராவின் காட்சிகளும் அதில் இருந்தனவே. போனவை ‘ஏ’ கேமராவின் முதல் ஒன்பது க்ளிப்புகள், அதாவது காலை வெளிச்சத்தில் எடுத்த பாட்டியின் முகம் முழுவதும்.

இரண்டாவது டிஸ்க் இருந்ததே என்று கேட்பீர்கள். இருந்தது. ஆனால் அதற்கான பிரதியை கார்டிலிருந்து எடுக்காமல், முதல் டிஸ்க்கின் ‘Day 4’ ஃபோல்டரிலிருந்து எடுத்தார்கள். தவறையும் சேர்த்துப் பத்திரமாக இரண்டு பிரதி எடுத்து வைத்தோம். இரவே கார்டுகள் ஃபார்மெட் ஆகி, மறுநாள் காலை அதன்மேல் புதிய காட்சிகள் பதிவாகிவிட்டன.

மூன்று வாரம் கழித்து எடிட்டரிடமிருந்து போன் வந்தது. “தம்பி, படித்துறை சீன்ல பாட்டியோட க்ளோஸ் எங்கப்பா? வைட் மட்டும்தான் இருக்கு.” கன்டின்யூட்டி ஷீட்டில் ‘ஏ கேமரா, க்ளோஸ், டேக் 3 ஓகே’ என்று அசிஸ்டென்ட் டைரக்டர் கையெழுத்தில் தெளிவாக எழுதியிருந்தது. டிஸ்க்கில் இல்லை.

அந்த நாளில் நான்கு இடங்களில் இதைத் தடுத்திருக்கலாம். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதல் இடம் படப்பிடிப்பு தொடங்குவதற்கு முந்தைய நாள், கேமராவின் மெனு. பெயர்க் குழப்பத்தைத் தீர்க்கச் சரியான இடம் அதுதான். ஆரி அலெக்ஸா போன்ற பெரிய சினிமா கேமராக்கள் A004C012 என்பதுபோலத் தாங்களே பெயர் வைக்கும். A என்பது கேமரா, 004 என்பது ரோல், C012 என்பது அந்த ரோலின் பன்னிரண்டாவது க்ளிப். அதன்பின் தேதியும் கேமராவுக்கே உரிய ஓர் அடையாளமும் ஒட்டிக்கொண்டு வரும். எனவே இரண்டு கேமராவின் க்ளிப்புகள் ஒரே பெயரில் மோதிக்கொள்ள வழியில்லை. சிறிய கேமராக்களில் இதை நாம் செய்துகொள்ள வேண்டும். சோனியின் மெனுவில் ‘File Settings’ என்ற இடத்தில் ‘File Name Format’ இருக்கிறது. வாங்கி வந்த நிலையில் அது ‘Standard’ என்று இருக்கும். C0001 என்ற பெயர் அதிலிருந்து வருவதுதான். அதை ‘Title’ அல்லது ‘Date + Title’ என்று மாற்றி, ஒரு கேமராவுக்கு A என்றும் மற்றொன்றுக்கு B என்றும் தொடங்கும் தலைப்பைக் கொடுத்துவிடலாம். இரண்டு நிமிட வேலை. அதோடு, ‘File Number’ என்பதை ‘Series’ என்று வைத்தால், கார்டை மாற்றினாலும் எண் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஒரே கேமராவின் இரண்டு கார்டுகள் மோதிக்கொள்வதையும் அது தடுத்துவிடும்.

இதை ஏன் கேமராவிலேயே செய்யச் சொல்கிறேன்? பிறகு கம்ப்யூட்டரில் வைத்துப் பெயர் மாற்றினால் ஆகாதா? கூடாது. ஒரு கார்டில் வீடியோக் கோப்பு மட்டும் இருப்பதில்லை. எஃப்எக்ஸ்3 கார்டைத் திறந்தால் PRIVATE என்ற ஃபோல்டர், அதற்குள் M4ROOT, அதற்குள் CLIP. ஒவ்வொரு MP4 கோப்பின் பக்கத்திலும் அதே பெயரில் C0112M01.XML என்று ஒரு சிறு கோப்பு இருக்கும். எந்த ஃப்ரேம் ரேட், எந்தக் காமா, எந்த டைம்கோடு என்ற விவரங்கள் அதில் இருக்கின்றன. வீடியோவின் பெயரை மட்டும் மாற்றினால் இந்தத் தொடர்பு அறுந்துபோகும். ரெட் போன்ற கேமராக்களில் ஒரே க்ளிப் பல துண்டுகளாக _001, _002 என்று பதிவாகும். ஒன்றின் பெயர் மாறினால் மற்றத் துண்டுகளோடு அது சேராது. ஆகவே விதி இதுதான்: கார்டுக்குள் இருக்கும் எதற்கும் பெயர் மாற்றக் கூடாது, எதையும் தனியாகப் பிரித்து எடுக்கக் கூடாது. கார்டை வேரோடு, மேல் ஃபோல்டரிலிருந்து முழுதாக எடுக்க வேண்டும். நாம் பெயர் வைக்க வேண்டியது, அந்த முழுக் கார்டும் போய் உட்காரும் வெளி ஃபோல்டருக்கு.

அந்த வெளி ஃபோல்டர்தான் இரண்டாவது இடம். பிலிம் காலத்தில் படம் எடுத்தவர்களுக்கு இது புதிதல்ல. எக்ஸ்போஸ் ஆன பிலிமை டப்பாவில் போட்டு, டேப் சுற்றி, மேலே ரோல் எண் எழுதி, பிரசாத் லேபுக்கு அனுப்புவார்கள். ஒரு ரோல் எண் ஒரு முறைதான் வரும். இப்போது கார்டு திரும்பத் திரும்பப் பயன்படுவதால் நமக்கு அந்த ஒழுங்கு விட்டுப்போய்விட்டது. ‘கார்டு 1’, ‘கார்டு 2’ என்று பெயர் வைக்கிறோம். அதே கார்டு மாலையில் மறுபடி வரும்போது அதற்கு என்ன பெயர்? கார்டு என்பது பாத்திரம். ரோல் என்பது அதில் ஒரு முறை நிரம்பியது. ஒரே கார்டு ஒரு நாளில் மூன்று முறை நிரம்பி வந்தால் அது மூன்று ரோல், மூன்று எண். படம் முடியும் வரை எந்த எண்ணும் மறுபடி வரக் கூடாது.

நான் இப்போது பயன்படுத்தும் அடுக்கு இது:

```
TPR/
  D04_20230209/
    VIDEO/
      TPR_D04_A007/
      TPR_D04_B006/
    SOUND/
      TPR_D04_S004/
    REPORT/
```

TPR என்பது படத்தின் மூன்றெழுத்துச் சுருக்கம். D04 என்பது படப்பிடிப்பின் நான்காம் நாள். A007 என்றால் ‘ஏ’ கேமராவின் ஏழாவது ரோல். S என்பது ஒலி. தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால்தான் கம்ப்யூட்டர் அடுக்கும்போது நாட்கள் தாமாகவே வரிசையில் நிற்கும்; 09022023 என்று எழுதினால் பிப்ரவரி ஒன்பதுக்குப் பக்கத்தில் மார்ச் ஒன்பது வந்து நிற்கும். எண்களுக்கு முன்னால் பூஜ்யம் போடுவதும் இதற்காகத்தான். A7 என்று எழுதினால், பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு அடுக்கும் மென்பொருளில் A10க்குப் பிறகுதான் A7 வரும்.

நாள் எண்ணும் தேதியும் இரண்டும் எதற்கு என்று புதிதாக வருபவர்கள் கேட்பார்கள். நைட் ஷூட் இருக்கிறதே! மாலை ஆறு மணிக்குத் தொடங்கி விடியற்காலை இரண்டு மணிக்கு முடியும். நள்ளிரவில் கேமராவின் தேதி மாறிவிடும். ஒரே சீனின் முதல் பாதிக்கு ஒரு தேதியும் மறுபாதிக்கு வேறு தேதியும் இருக்கும். கால்ஷீட்டிலும் கன்டின்யூட்டி ஷீட்டிலும் அது ஒரே நாள். எனவே பெயரில் நாள் எண்ணையே நம்ப வேண்டும். வேலை தொடங்கிய நாளின் தேதியை ஃபோல்டரில் ஒரு முறை எழுதினால் போதும்.

எந்தெந்த எழுத்துகளைப் பயன்படுத்தலாம் என்பதிலும் கவனம் வேண்டும். ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு. இவற்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கேள்விக்குறி, நட்சத்திரக் குறி, முக்காற்புள்ளி போன்றவற்றை விண்டோஸ் ஏற்காது; மேக்கில் வைத்த பெயர் விண்டோஸுக்கு வரும்போது பிரதி பாதியில் நின்றுவிடக்கூடும். தமிழில் பெயர் வைக்க எனக்கும் ஆசைதான். ஆனால் அதில் ஒரு மறைவான சிக்கல் இருக்கிறது. ‘கொ’ என்ற எழுத்தில் வரும் உயிர்க்குறியை யுனிகோடில் ஒரே குறியாகவும் பதியலாம். ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகவும் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். பழைய மேக் டிஸ்க்குகள் அதைப் பிரித்தே சேமித்தன. விண்டோஸ் எப்படி வந்ததோ அப்படியே வைத்துக்கொள்ளும். விளைவாக, ‘கொலு’ என்று ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், மென்பொருளோ இரண்டும் வேறு என்று சாதிக்கும். எடிட்டிங் மென்பொருள் கோப்பைப் பெயர் வைத்துத்தான் தேடுகிறது என்பதால் இந்த ஆபத்து வேண்டாம். தமிழ் விளக்கங்களை ரிப்போர்ட்டில் தாராளமாக எழுதலாம்.

மூன்றாவது இடம், பிரதி சரியாக வந்ததா என்று சரிபார்ப்பது. இதில்தான் அதிகத் தவறான நம்பிக்கைகள் இருக்கின்றன. கம்ப்யூட்டரில் ஒரு கோப்பை இழுத்துவிட்டால், பச்சைக் கோடு முழுதாக ஓடி முடிந்தால், வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். அந்தக் கோடு சொல்வது, எழுதச் சொல்லி அனுப்பிவிட்டேன் என்பதை மட்டும்தான். எழுதியதை மறுபடி படித்து, மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. தளர்ந்த கேபிள், சூடேறிய கார்டு ரீடர், மின்சாரம் ஆடியது, இவற்றால் நடுவில் சில பைட்டுகள் மாறிப்போனால் அது வாய் திறக்காது. மூன்று வாரம் கழித்து அந்த க்ளிப்பில் ஒரு பச்சைப் பட்டை ஓடும்போதுதான் தெரியும்.

இதற்குத்தான் செக்சம் என்ற முறை. ஒரு கோப்பில் உள்ள எல்லா பைட்டுகளையும் வரிசையாக ஒரு கணக்கின் வழியே ஓட்டினால், கடைசியில் ஒரு சிறிய எண் கிடைக்கும். கோப்பு 5 ஜி.பி. இருந்தாலும் விடை சில எழுத்துகள்தான். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் விடை முற்றிலும் வேறாக வரும். கார்டில் இருக்கும் க்ளிப்புக்கும் டிஸ்க்கில் இறங்கிய க்ளிப்புக்கும் தனித்தனியே இந்தக் கணக்கைப் போட்டு, இரண்டு விடையும் ஒன்றாக இருந்தால் பிரதி சரி. எம்டி5 என்பது பழைய கணக்கு. எக்ஸ்எக்ஸ்ஹாஷ் என்பது அதைவிடப் பல மடங்கு வேகமானது, இப்போது படப்பிடிப்புத் தளங்களில் அதுதான் அதிகம். ஒரு கோப்பை நீங்களே சோதித்துப் பார்க்க வேண்டுமானால், விண்டோஸில் எந்த மென்பொருளும் வாங்காமல் இப்படித் தட்டலாம்:

```
certutil -hashfile C0112.MP4 MD5
```

தினமும் நூற்றுக்கணக்கான கோப்புகளுக்கு இதைக் கையால் செய்ய முடியாது. சில்வர்ஸ்டாக், ஆஃப்ஷூட், ஷாட்புட் ப்ரோ போன்ற மென்பொருள்கள் கார்டைப் படிக்கும்போதே கணக்கைப் போட்டு, ஒரே நேரத்தில் இரண்டு மூன்று டிஸ்க்குகளில் எழுதி, பிறகு ஒவ்வொரு டிஸ்க்கையும் மறுபடி படித்துச் சரிபார்த்து, பட்டியல் ஒன்றையும் சேர்த்து வைத்துவிடும். காசு இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது: டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பில், மீடியா பக்கத்தில் ‘Clone Tool’ என்று ஒன்று உண்டு. செக்சத்தோடு பல டிஸ்க்குகளுக்குப் பிரதி எடுக்க அதுவே போதும். குறும்படம் எடுக்கும் மாணவர்கள் பலர் எடிட்டிங்குக்காக இதே மென்பொருளை வைத்திருக்கிறார்கள், ஆனால் அந்தப் பட்டனைத் தொட்டதே இல்லை.

செக்சம் சொல்லாதவையும் உண்டு. மூலத்தில் இருப்பது டிஸ்க்கில் அப்படியே வந்திருக்கிறது என்று மட்டுமே அது சொல்லும். கேமராவில் பதிவானதே பிழை என்றால், பிழையைத் துல்லியமாகப் பிரதி எடுத்ததாகச் சான்று கொடுக்கும். ஒரு கார்டை எடுக்கவே மறந்துவிட்டால், அதற்குத் தெரியவே தெரியாது. எனவே பிரதி முடிந்ததும் ஒவ்வொரு க்ளிப்பையும் டிஸ்க்கிலிருந்து திறந்து, தொடக்கம், நடு, முடிவு மூன்று இடத்திலும் சில நொடிகள் ஓட்டிப் பார்க்க வேண்டும். அதோடு கன்டின்யூட்டி ஷீட்டை வைத்து க்ளிப்புகளை எண்ண வேண்டும். கிளாப் போர்டில் எழுதியிருக்கும் ரோல் எண்ணும் ஃபோல்டரின் எண்ணும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். அன்று யாராவது ஒருவர் உட்கார்ந்து 37 என்று எண்ணியிருந்தால், கார்டுகள் இன்னும் கையில் இருக்கும்போதே தெரிந்திருக்கும்.

எண்ணும்போது ஜி.பி. கணக்கை நம்ப வேண்டாம். மேக் 96 ஜி.பி. என்று காட்டும் அதே ஃபோல்டரை விண்டோஸ் 89.4 என்று காட்டும். இரண்டும் வேறு வேறு அளவுகோலில் கணக்கிடுகின்றன. ஏதோ குறைந்துவிட்டது என்று பதறியவர்களையும், குறைந்தது இந்த வித்தியாசத்தால்தான் என்று உண்மையான இழப்பைக் கவனிக்காமல் விட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். கோப்புகளின் எண்ணிக்கையும் மொத்த பைட் எண்ணும் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் எவ்வளவு நேரம் ஆகும் என்பதை முன்கூட்டியே தயாரிப்புத் தரப்புக்குச் சொல்லிவிட வேண்டும். எஃப்எக்ஸ்3இல் 4கே, நொடிக்கு 25 ஃப்ரேம், உயர்தரப் பதிவு என்றால் நொடிக்குச் சுமார் 31 எம்.பி., ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 112 ஜி.பி. வரும். இதைச் சாதாரண போர்ட்டபிள் ஹார்டு டிஸ்க்கில் எழுதினால், அது நொடிக்கு 120 எம்.பி. வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொண்டால், பதினைந்து நிமிடத்துக்கு மேல். படித்துச் சரிபார்க்க இன்னொரு பதினைந்து. ஆக ஒரு கார்டுக்கு அரை மணி நேரம். நொடிக்கு 500 எம்.பி. வேகமுள்ள எஸ்.எஸ்.டி. என்றால், கார்டும் ரீடரும் அதற்கு ஈடுகொடுத்தால், இரண்டும் சேர்த்து எட்டு நிமிடத்துக்குள் முடியும். பல டிஸ்க்குகளில் ஒரே நேரத்தில் எழுதும்போது எல்லாவற்றிலும் மெதுவானதுதான் வேகத்தைத் தீர்மானிக்கும். மாலையில் எல்லாக் கார்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு உட்காராமல், மதியச் சாப்பாட்டு நேரத்திலேயே காலைக் கார்டுகளை முடித்துவிட்டால் பேக்கப் நேரத்தில் ஒன்றோ இரண்டோதான் மிஞ்சும். டேட்டா மேசைக்கு ஒரு சிறு யூ.பி.எஸ். வாங்கிக்கொடுங்கள். ஜெனரேட்டரை நிறுத்துபவருக்கு நாம் எழுதிக்கொண்டிருப்பது தெரியாது. எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மெட் செய்த டிஸ்க், எழுதும்போது மின்சாரம் போனால் எளிதில் குழம்பிவிடும்.

நான்காவது இடம், கார்டை அழிப்பது. என் அனுபவத்தில் இதுதான் எல்லாவற்றிலும் அபாயமானது, ஏனென்றால் மற்றத் தவறுகளைத் திருத்த கார்டு கையில் இருந்தால் போதும். கேமராவிலிருந்து வெளியே வந்த கார்டின் உறையில் அந்த நொடியே சிவப்பு டேப் ஒட்டி, ரோல் எண்ணை எழுத வேண்டும். எஸ்.டி. கார்டாக இருந்தால் பக்கவாட்டில் உள்ள சிறு பூட்டையும் தள்ளிவிட வேண்டும். டேட்டா மேசையில் பிரதிகள் எடுத்து, சரிபார்த்து, ஓட்டிப் பார்த்து, எண்ணி முடித்த பிறகுதான் சிவப்பு போய்ப் பச்சை டேப் வரும். டேப்பை மாற்றும் உரிமை ஒரே ஒருவருக்கு. அவசரத்தில் இயக்குநரே கேட்டாலும், ஒளிப்பதிவாளரே கேட்டாலும், “அண்ணே, இன்னும் சிவப்புதான்” என்று சொல்லும் தைரியம் அவருக்கு இருக்க வேண்டும். அதைக் கேட்டுக்கொள்ளும் பண்பு மற்றவர்களுக்கு வேண்டும். பச்சை ஆன கார்டையும் கம்ப்யூட்டரில் அழிக்காமல், மறுநாள் காலை கேமராவில் வைத்து, உள்ளே இருப்பதை ஒரு முறை திரையில் பார்த்துவிட்டு, கேமராவிலேயே ஃபார்மெட் செய்ய வேண்டும். கூடுதலாக நான்கு கார்டுகள் வாடகைக்கு எடுத்தால், ஒரு நாள் முழுவதும் எதையும் அழிக்காமலே ஓட்டலாம்.

எஃப்எக்ஸ்3இல் இரண்டு கார்டு போட இடம் இருக்கிறது. இரண்டிலும் ஒரே நேரத்தில் பதிவு செய்யும் வசதியும் மெனுவில் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால், நடிகர் வசனம் பேசும்போதே இரண்டு பிரதிகள் உருவாகிவிடும். ஒன்றை டேட்டா மேசைக்குக் கொடுத்துவிட்டு மற்றொன்றை எடிட்டர் சரி சொல்லும் வரை கேமரா உதவியாளர் பூட்டி வைக்கலாம். அன்று நாங்கள் இதைச் செய்யவில்லை. கார்டு செலவைப் பார்த்தோம்.

எத்தனை பிரதி வேண்டும்? புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரப்பிய 3-2-1 என்ற கணக்கு உலகம் முழுவதும் நிலைத்துவிட்டது: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறு இடத்தில். படப்பிடிப்பில் இதன் பொருள், ஒரு டிஸ்க் தயாரிப்பு மேனேஜரிடம், ஒன்று டேட்டா ஆளிடம், ஒன்று எடிட்டிங் அறைக்கு. மூன்றையும் ஒரே பையில் வைத்து ஒரே காரின் டிக்கியில் போட்டால் அது ஒரே பிரதிதான். மூன்றும் கார்டிலிருந்தோ, கார்டோடு செக்சம் ஒப்பிட்ட முதல் பிரதியிலிருந்தோ வந்திருக்க வேண்டும் என்பதையும் எங்கள் நான்காம் நாள் கற்றுத் தந்தது.

வேறு இடத்தில் இருந்த ஒரே பிரதி ஒரு படத்தையே காப்பாற்றிய கதை உண்டு. 1998இல் பிக்ஸார் நிறுவனத்தில் ‘டாய் ஸ்டோரி 2’ வேலை நடந்துகொண்டிருந்தபோது, யாரோ தட்டிய ஓர் அழிப்புக் கட்டளையால் படத்தின் கோப்புகள் கண்முன்னே மறையத் தொடங்கின. பேக்கப்பைத் தேடினார்கள்; அது சரியாக வேலை செய்யவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்த்துவந்த கேலின் சஸ்மன் என்ற தொழில்நுட்ப மேற்பார்வையாளரின் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி இருந்தது. அதை வைத்துத்தான் மீட்டார்கள். படம் 1999இல் வெளிவந்தது.

எங்கள் வீட்டில் யாரிடமும் பிரதி இல்லை. ஃபார்மெட் செய்த கார்டிலிருந்துகூட மீட்பு மென்பொருளால் காட்சிகளை எடுக்க முடிவதுண்டு. கார்டின் பட்டியல் அழிந்தாலும் உள்ளே இருப்பது சில நேரம் அப்படியே கிடக்கும். ஆனால் ஒரு நிபந்தனை: தவறு தெரிந்த நொடியிலிருந்து அந்தக் கார்டில் ஒரு நொடிகூடப் புதிதாகப் பதிவு செய்யக் கூடாது. எங்கள் கார்டுகள் அந்த மூன்று வாரத்தில் பல முறை நிரம்பிவிட்டன. பாட்டியாக நடித்த அம்மாவை மறுபடி அழைத்து எடுக்கலாம் என்று போனபோது ஆற்றில் தண்ணீர் ஏறிப் படிகள் மூழ்கியிருந்தன. எடிட்டர் அந்தக் காட்சியை வைட் ஷாட்டிலேயே முடித்தார். பாட்டி பேசுகிறாள், குரல் கேட்கிறது, முகம் தெரியாது. படம் அப்படித்தான் வெளிவந்தது.

‘மாற்று’ பட்டனை அழுத்திய தம்பியை யூனிட்டில் எல்லோரும் திட்டினார்கள். விடியற்காலை நான்கு மணியிலிருந்து லென்ஸ் பெட்டி தூக்கியவர் அவர். இரவு எட்டு மணிக்கு, வேன் கிளம்பும் அவசரத்தில், தனியாக உட்கார்ந்து அதைச் செய்தார். படம் எடுக்கும் தயாரிப்பாளர்களுக்கும் இயக்குநர்களுக்கும் நான் கேட்டுக்கொள்வது இரண்டுதான். டேட்டாவுக்கென்று ஓர் ஆளை வைத்து, அவர் பெயரைக் கால்ஷீட்டில் போடுங்கள். அவருக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள். பேக்கப் சொன்ன பிறகு அவர் மேசைக்கு மட்டும் மின்சாரத்தையும் ஒரு வண்டியையும் இன்னும் அரை மணி நேரம் விட்டுவையுங்கள்.